துண்டுப்பிரசுரம் பேசட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நெல்லுக்கான பிரசுரத்தில் "துத்தநாக சல்பேட்டை ஹெக்டேருக்கு 25 கிலோ வீதம் 50 கிலோ மணலுடன் கலந்து நடவிற்கு முன் இடவும்" என்றிருக்கிறது. இதை விவசாயிகளுக்கான காணொளியில் அப்படியே வாசிக்கலாமா?

வாசிக்கலாம்; கேட்கத்தான் ஆளிருக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டு எடுத்துக்குங்க. இருபது கிலோ காஞ்ச மணலோட கலந்துக்குங்க. பரம்படிச்சு முடிச்சதும், நாத்து நடறதுக்குச் சித்த முன்னாடி, வயல் முழுக்கத் தூவுங்க. மண்ணுல மிதிச்சு விட வேண்டாம்." ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். டெல்டாப் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர் என்பதால், மாவுக்கு மூன்று கிலோ 330 கிராம் என்றும் ஒரு வரி சேருங்கள். அலகை மாற்றலாம், அளவை மாற்றக்கூடாது.

"துத்தநாகம்" என்று நல்ல தமிழில் சொல்லக்கூடாதா?

ஒரு முறை சொல்லுங்கள். கடையில் விவசாயி கேட்பது ஜிங்க்தான். கடைக்காரர் நுண்ணூட்டக் கலவையைக் கொடுத்து அனுப்பிவிடாதபடி, மூட்டையில் உள்ள பெயரைத் திரையில் காட்டுங்கள்.

"0.5 சதவீத ஜிங்க் சல்பேட், 1 சதவீத யூரியா கரைசலைத் தெளிக்கவும்" என்பதை எப்படி எளிமையாக்குவது?

சதவீதத்தைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். தோளில் டேங்கோடு நிற்பவரிடம் சதவீதம் பேசுவது, பசித்தவருக்குச் சமையல் கணக்கு நோட்டைக் கொடுப்பது போன்றது. 0.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 5 கிராம். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா. என்னிடம் திருத்தத்துக்கு வந்த ஓர் எழுத்துப்படியில் புள்ளி விழுந்துபோய் "5 சதவீதம்" என்றிருந்தது. அதை நம்பித் தெளித்திருந்தால் டேங்குக்கு அரை கிலோ போயிருக்கும், பயிர் கருகியிருக்கும். ஆகவே "டேங்குக்கு அம்பது கிராம்" என்று எழுத்தால் எழுதி, தராசில் அதை நிறுத்துக் காட்டும் காட்சியையும் வையுங்கள். டேங்க் பத்து லிட்டரா, பதினாறா என்பதையும் சொல்லாமல் விடாதீர்கள். பதினாறென்றால் 80 கிராமும் 160 கிராமும். நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால்தான் இந்தத் தெளிப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் தெளிப்பார்கள். மீண்டும் சொல்கிறேன்: அலகை மாற்றலாம், அளவை மாற்றக்கூடாது.

"டி.ஏ.பி.யுடன் கலக்க வேண்டாம்" என்ற வரியை நேரம் கருதி நீக்கலாமா?

கூடாது. டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்தோடு சேர்ந்தால் ஜிங்க் கரையாத உப்பாகிவிடும். போட்ட காசு வீண். வணக்கத்தையும் இசையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

காணொளிக்கு எத்தனை சொல் எழுதலாம்?

நிமிடத்துக்கு நூறுக்குள்.

பிரசுரத்தைச் சுருக்கித் தாருங்கள். (இணைப்பு இல்லை)

எந்தப் பயிர், எந்தப் பருவம், எந்த ஆண்டுப் பிரசுரம் என்று ஒன்றுமே எழுதவில்லை. பிரசுரத்தை அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.