பக்கவாட்டுப் படத்திலிருந்து கூரைச் சரிவு: கேள்வி பதில்

பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுக் கலர் ஷீட் போடப் போகிறோம். முக்கோணச் சுவரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கைமர நீளமும் ஷீட் எண்ணிக்கையும் அதிலிருந்து கிடைக்குமா? சுவரின் அகலம் 20 அடி, வீட்டின் நீளம் 32 அடி.

படத்திலிருந்து சரிவை மட்டும் எடுங்கள். நீளங்களை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இறவாரம் சுவரைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், படத்தில் சுவருக்கு ஓர் அளவுகோல், கூரை விளிம்புக்கு வேறோர் அளவுகோல். கோணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. விளிம்பும் சுவரும் இணையாக இருந்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் முகட்டிலிருந்து சுவர் விளிம்பு வரை கிடைமட்டம் 940 புள்ளி, உயரம் 400 புள்ளி. அப்படியே வகுத்தால் 23 டிகிரி வருகிறது. ஆனால் நீங்கள் சற்று ஒதுங்கி நின்று எடுத்திருக்கிறீர்கள். அதே சுவரில் இருக்கும் கதவு 3 அடிக்கு 7 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் அதன் உயரம் 700 புள்ளி. அகலம் 300 இருக்க வேண்டிய இடத்தில் 282 தான் இருக்கிறது. கிடைமட்டம் சுருங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 940-ஐ 300/282 ஆல் பெருக்கினால் 1000. ஆகவே சரிவு 10-க்கு 4, கோணம் 21.8 டிகிரி.

பாதி அகலம் 10 அடி, இறவாரம் கிடைமட்டமாக 1½ அடி, மொத்தம் 11½ அடி. இதைப் பெருக்க வேண்டிய எண்:

```
√(1 + 0.4²) = 1.077
11.5 × 1.077 = 12.39 அடி
```

அதாவது 12 அடி 4½ அங்குலத்துக்குச் சற்று அதிகம். முகட்டில் நடுவிட்டம் இருந்தால் அதன் பாதித் தடிமனைக் கழியுங்கள். ஷீட் 12½ அடியாக வாங்கலாம். முகட்டை மூடும் தகடு மேலே சிறு இடைவெளியை மறைத்துவிடும்.

இரு பக்கமும் ஓரடி நீட்டினால் நீளம் 34 அடி. ஷீட்டின் முழு அகலம் 3½ அடி என்று வைத்து வகுத்தால் ஒரு சரிவுக்கு 10 போதும் என்று தோன்றும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பிறகு மூடுவது ஏறத்தாழ ஒரு மீட்டர், 3.28 அடிதான். 34-ஐ அதனால் வகுத்தால் 10.37. எனவே ஒரு சரிவுக்கு 11, மொத்தம் 22. கடையில் மூடும் அகலத்தைக் கேட்டு உறுதி செய்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

இறவாரத்தைக் கடைசியில் சேர்த்தால் போதாதா? 10.77 உடன் 1½ சேர்த்தால் 12.27 தானே?

இறவாரத்தைச் சரிவின் வழியே அளந்திருந்தால் உங்கள் கணக்கு சரி. முதலில் கேட்டவர் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகக் கிடைமட்டத்தில் அளந்தார். ஒன்றரை அங்குலத்துக்கு நெருங்கிய வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

என் வீட்டை முன்புறத்திலிருந்து எடுத்த படம் இருக்கிறது. எத்தனை ஷீட்?

முகடும் இரண்டு சரிவுகளும் முக்கோணமாகத் தெரியும் பக்கம் வேண்டும். நீளவாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்தால் சரிவு தெரியாது.

மொட்டை மாடியில் மழைநீர் ஓட எவ்வளவு சரிவு?

அது வேறு வேலை. மாடித் தளம் போடும் கொத்தனாரிடம் கேளுங்கள்.

படம் எதற்கு? ஒரு பலகையைச் சரிவில் வைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்தால் டிகிரி காட்டுகிறதே! நான் அப்படித்தான் அளக்கிறேன்.

ஏறக்கூடிய கூரையில் அது நல்ல வழி. ஆனால் பலகை தொடும் இடத்தின் சரிவைத்தான் காட்டும். பழைய ஓடு ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டும். படம் சுவர் முனையிலிருந்து முகடு வரை முழுக் கோட்டையும் தருகிறது.

படத்தில் லென்ஸ் வளைத்துக் காட்டுமே. பலகை பொய் சொல்லாது.

அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் வளையும். வீட்டின் அகலத்தைப் போல மூன்று மடங்கு தொலைவில் நின்று ஜூம் செய்தால் அவ்வளவு வளையாது. கைப்பேசியைச் சாய்க்காமல் பிடியுங்கள். கையில் சற்றுச் சாய்ந்தாலும் இடச்சரிவையும் வலச்சரிவையும் அளந்து சராசரி எடுத்தால் அந்தப் பிழை நீங்கிவிடும். ஒதுங்கி நின்ற பிழை அப்படி நீங்காது. இரு பக்கமும் ஒரே அளவு செங்குத்தாகத் தெரியும். அதற்குக் கதவுதான் காவல்.

ஒரு டிகிரி தவறினால் இந்த வீட்டில் கைமரம் ஓரங்குலம் மாறும். முகட்டின் உயரம் இரண்டரை அங்குலம் மாறும். கைமரம் வெட்டுகிறவருக்கு இரண்டாவதுதான் தலைவலி. முடிந்தால் பலகையாலும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நான் இன்னும் பலகையையே நம்புகிறேன்.

நம்புங்கள். உங்கள் அளவையும் படத்தின் அளவையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.

எங்கள் கூரை நடுவில் தொய்ந்திருக்கிறது. எந்தக் கோட்டை எடுப்பது?

சுவர்த் தலையையும் முகட்டையும் இணைக்கும் நேர்கோட்டை. ஆனால் முகடே இறங்கியிருந்தால் படம் அதைச் சொல்லாது. உள்ளே போய் முகட்டு விட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே நூல் பிடித்துப் பாருங்கள்.

என் வீட்டின் அகலம் 18 அடி, படம் இணைத்துள்ளேன். எத்தனை ஷீட்?

வீட்டின் நீளம்? கதவின் அளவு? முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள். நீளங்களை டேப்பால் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.