தன் பெயர் தெரியாத சாட்பாட்

வணக்கம். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு நிறுவனத்திடம் சந்தா கட்டி சாட்பாட் வாங்கினோம். புத்தம் புதிய மாடல் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் 'நீ எந்த மாடல்?' என்று அதனிடமே கேட்டால் பழைய மாடலின் பெயரைச் சொல்கிறது. அடுத்த நாள் கேட்டால் வேறு பெயர். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஏமாற்றியிருக்கலாம், ஏமாற்றாமலும் இருக்கலாம். அந்தப் பதிலை வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது. ஏன் என்பதை ஒரு பழைய கதையிலிருந்து சொல்கிறேன்.

2023 மார்ச் 14 அன்று ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4 மாடலை வெளியிட்டது. அதை ஏபிஐ வழியாக, அதாவது தங்கள் புரோகிராமிலிருந்தே நேரடியாக அழைத்துப் பயன்படுத்திய புரோகிராமர்கள் பலர் உங்களைப் போலவே குழம்பினார்கள். ஜிபிடி-4க்குப் பணம் கட்டியிருக்கிறோம், கேட்டால் தன்னை ஜிபிடி-3 என்கிறதே என்று. உண்மையில் அவர்களுக்குக் கிடைத்தது ஜிபிடி-4தான்.

அந்த மாடல் படித்த எழுத்தில் பெரும்பகுதி 2021 செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. ஜிபிடி-3 வந்தது 2020இல். ஆகவே அதைப் பற்றிக் கட்டுரை, விவாதம், செய்தி என்று அந்த எழுத்துக்குள் ஏராளமாக இருந்தது. ஜிபிடி-4 என்ற ஒன்றோ அப்போது உருவாகியிருக்கவே இல்லை, அதிகம் போனால் ஊகங்கள் இருந்திருக்கும். கேள்வி வந்ததும் மாடல் தனக்குள் எங்கோ ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்ப்பதில்லை, அப்படி ஒரு பலகையே கிடையாது. படித்த எழுத்தை வைத்து, இந்தக் கேள்விக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று பார்த்து எழுதுகிறது. அதனால்தான் ஜிபிடி-3 என்று வந்தது. ஒவ்வொரு முறையும் சொற்களைத் தேர்வதில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. உங்களுக்கு அடுத்த நாள் வேறு பெயர் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு அதன் உரையாடல்கள் இணையமெங்கும் பரவின. அவற்றைப் படித்து வளர்ந்த பிற நிறுவன மாடல்கள் சிலவும் தங்களைச் சாட்ஜிபிடி என்று சொல்லத் தொடங்கின. 2024 டிசம்பரில் டீப்சீக் என்ற சீன நிறுவனத்தின் வி3 மாடல் அப்படிச் சொன்னது பெரிய செய்தியானது.

சரி, சில சாட்பாட்டுகள் பெயரைச் சரியாகச் சொல்கின்றனவே? ஒன்று, பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் பெயரைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் உரையாடலுக்கு முன்னால், நம் கண்ணில் படாதபடி எழுதி வைத்திருப்பார்கள். இப்படி:

```json
{"role": "system",
 "content": "உன் பெயர் குயில். நீ புதிய மாடல்."}
```

இதை எழுதுவது உங்களுக்கு விற்றவர். அங்கே அவர் எந்தப் பெயரையும் போடலாம், மாடலும் அதையே சொல்லும். ஆகவே சரியான பெயர் வந்தாலும் அது சாட்சி ஆகாது.

செய்யக்கூடியவற்றைக் கேட்டாலும் இதே கதைதான். என் நண்பர் ஒருவரிடம் ஒரு சாட்பாட், அறிக்கையைத் தயார் செய்து இரண்டு மணி நேரத்தில் மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொன்னது. மனுஷன் சாயங்காலம் வரை காத்திருந்தார். அதற்கு மின்னஞ்சல் வசதியே இல்லை, பதில் முடிந்தபிறகு பின்னால் எந்த வேலையும் ஓடவில்லை. அலுவலக உதவியாளர்கள் அப்படிப் பேசுவார்கள், அந்தப் பேச்சைத்தான் அது எழுதியிருக்கிறது. நேர்மாறாகவும் நடக்கும்: படத்தைப் பார்க்கும் வசதி இருந்தும் முடியாது என்று சொல்லிவிடும். இந்த வசதிகளை வெளியே இருக்கும் செயலிதான் மாடலோடு இணைக்கிறது. அந்த விவரத்தை எழுதிக் கொடுக்காவிட்டால் மாடலுக்குத் தெரிய வழியில்லை.

அதனால் 'உன்னால் முடியுமா?' என்று கேட்காதீர்கள், ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். இணையத்தைத் திறக்கிறதா என்று தெரியவேண்டுமா? உங்கள் அலுவலகத் தளத்தில் இன்று காலை ஏற்றிய அறிவிப்பின் மூன்றாவது வரியைக் கேளுங்கள். வரி ஊகிக்க முடியாததாக இருக்கட்டும். 'பொங்கல் விடுமுறை அறிவிப்பு' மாதிரி இருந்தால், பக்கத்தைத் திறக்காமலே பொருத்தமாக ஒன்றை எழுதிவிடும்.

மாடல் பெயருக்கு, விற்றவரிடம் ஏபிஐ பதிலின் பதிவைக் கேளுங்கள். அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```json
"model": "gpt-4o-2024-08-06"
```

இதை எழுதுவது மாடல் அல்ல, அதை இயக்கும் சர்வர். ஆனால் பதிவு விற்றவர் கைவழியாகத்தானே உங்களிடம் வருகிறது, நடுவில் அவர் மாற்றவும் முடியும். அந்தச் சந்தேகம் இருந்தால், மாடலை உருவாக்கிய நிறுவனத்தில் உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து, அந்தக் கணக்கின் வழியாகச் சாட்பாட்டை ஓட்டச் சொல்லுங்கள். எந்த மாடல் எவ்வளவு ஓடியது என்பதை அந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.