81.42 ரூபாய் எப்படி வந்தது?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியின் ஏடிஎம் தொலைவில் இருப்பதால், பக்கத்தில் உள்ள வேறு வங்கி ஏடிஎம்மையே பயன்படுத்துகிறேன். ஜூன் மாதம் 3, 9, 17, 26 ஆகிய தேதிகளில் நான்கு முறைதான் பணம் எடுத்தேன். 9ஆம் தேதி பணம் எடுக்கும் முன் இருப்பு எவ்வளவு என்று ஒரு முறை பார்த்தேன். 16ஆம் தேதி இயந்திரம் பணம் தரவில்லை. கணக்கில் கழிந்த தொகை அன்றே திரும்ப வந்துவிட்டது. ஐந்து முறை இலவசம் என்கிறார்கள். பிறகு ஏன் 81.42 ரூபாய் பிடித்தார்கள்? கட்டணம் 23 ரூபாய் என்றால் இந்தச் சில்லறை எங்கிருந்து வந்தது?

பதில்: இதில் 54.28 ரூபாய் சரியான கட்டணம். மீதி 27.14 ரூபாயை வங்கி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

முதலில் சில்லறையைப் பார்ப்போம். இலவச வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதிகபட்சம் 23 ரூபாய் வரை வசூலிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. 2025 மே 1 முதல் இந்த உச்சவரம்பு நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 21 ரூபாயாக இருந்தது. இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வரி கட்டணத்தின் மீதுதான் விழுகிறது, நீங்கள் எடுத்த தொகையின் மீது அல்ல. 500 ரூபாய் எடுத்தாலும் 10,000 ரூபாய் எடுத்தாலும் வரி 4.14 ரூபாய்தான். ஆக மொத்தம் 27.14. சில வங்கிகள் இதை ஒரே வரியில் காட்டும். சில வங்கிகள் 23 ரூபாயைத் தனியாகவும், மத்திய, மாநில வரிகளை 2.07, 2.07 என்று தனித்தனியாகவும் காட்டும்.

உங்கள் அறிக்கையில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், அதை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 81.42ஐ வகுத்தால் 69 வருகிறது. 69 என்பது மூன்று 23. அதாவது, வங்கி உங்களிடம் மூன்று பரிவர்த்தனைகளுக்குக் கட்டணம் வாங்கியிருக்கிறது. வகுத்து வரும் எண் 23இன் மடங்காக இல்லாவிட்டால் வேறு வகைக் கட்டணம் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். கணக்கில் போதிய பணம் இல்லாமல் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டதற்கான கட்டணம் அடிக்கடி இப்படிக் கலந்து வரும். அது இலவச வரம்போடு தொடர்பில்லாத தனிக் கட்டணம். தொகை வங்கிக்கு வங்கி மாறும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். ‘ஐந்து முறை இலவசம்’ என்பது பாதி உண்மை. சொந்த வங்கியின் ஏடிஎம்மில் மாதம் ஐந்து. மற்ற வங்கிகளின் ஏடிஎம்முக்கு வேறு கணக்கு. அங்கே சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மூன்று, பிற ஊர்களில் ஐந்து. இவை வங்கி குறைந்தபட்சம் தர வேண்டிய அளவு. கூடுதலாகத் தரும் வங்கிகளும் உண்டு. எந்த ஊர் என்பதை முடிவு செய்வது ஏடிஎம் நிற்கும் இடம்தான். உங்கள் கிளை எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. மாதம் என்பது காலண்டர் மாதம்.

பலருக்கும் தெரியாத இடம் அடுத்ததுதான். வேறு வங்கி ஏடிஎம்மில் இருப்பைப் பார்ப்பதும் அந்த மூன்றில் ஒன்றாக எண்ணப்படும். சொந்த வங்கி ஏடிஎம்மில் பார்த்தால் எண்ணப்படாது. இருப்பைப் பார்க்கும்போது பணம் எதுவும் நகர்வதில்லை என்பதால், அது பெரும்பாலும் கணக்கு அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராது. அறிக்கையை மட்டும் வைத்து எண்ணுகிறவர்களுக்கு எப்போதும் ஒன்றிரண்டு குறைந்துதான் தெரியும். உங்களுக்கு அது நினைவிருப்பது நல்லதாயிற்று.

இப்போது உங்கள் ஜூன் மாதத்தை வரிசையாக எண்ணுகிறேன். 3ஆம் தேதி எடுத்தது ஒன்று. 9ஆம் தேதி இருப்பைப் பார்த்தது இரண்டு, அன்று எடுத்தது மூன்று. இலவசம் இதோடு முடிந்தது. 17ஆம் தேதியும் 26ஆம் தேதியும் எடுத்தவை கட்டணத்துக்கு உரியவை: இரண்டு 27.14, மொத்தம் 54.28.

16ஆம் தேதியை நான் எண்ணவில்லை. இயந்திரக் கோளாறு, மென்பொருள் அல்லது தகவல் தொடர்புக் கோளாறு, இயந்திரத்தில் நோட்டு இல்லாதது, வங்கித் தரப்பில் வேறு காரணம், தவறான பின் எண் என இவற்றால் தோல்வியடைந்த பரிவர்த்தனையை எண்ணிக்கையில் சேர்க்கவும் கூடாது, அதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது என்று 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்றாவது 27.14 அந்தத் தோல்வியை எண்ணியதால் வந்தது என்றுதான் உங்கள் கணக்கு காட்டுகிறது. கைக்கு வராத பணத்துக்குக் கட்டணம் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள்.

இருப்பைப் பார்த்த வரிசையும் உங்களுக்குப் பாதகமாக அமைந்துவிட்டது. பணம் எடுக்காத பரிவர்த்தனைக்குப் பல வங்கிகள் 23 ரூபாயைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. ஆனால் நீங்கள் அதை மாதத் தொடக்கத்தில் செய்ததால் அது ஓர் இலவச வாய்ப்பை விழுங்கிவிட்டது. பிற்பாடு பணம் எடுத்தபோது முழுக் கட்டணம் விழுந்தது. வங்கியின் செயலியில் இருப்பைப் பார்த்திருந்தால் ஜூன் மாதத்துக்கு ஒரே ஒரு 27.14தான் ஆகியிருக்கும்.

புகார் கொடுக்கும் முன் அறிக்கையில் 16ஆம் தேதியைத் தேடுங்கள். ஒரே தொகை பற்றாகவும் வரவாகவும் இரண்டு வரிகளில் இருக்கும். இரண்டிலும் ஒரே 12 இலக்கக் குறிப்பு எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிவர்த்தனை தோல்வியடைந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. கட்டணங்கள் எந்தத் தேதிகளில் பிடிக்கப்பட்டன என்பதையும் பாருங்கள். 16ஆம் தேதிக்கே ஒரு கட்டணம் இருந்தால் வேறு விளக்கமே தேவையில்லை. சில வங்கிகள் எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த மாதத் தொடக்கத்தில் பிடிக்கின்றன. அப்படியானால், ஜூன் மாதத்தில் எந்தெந்தப் பரிவர்த்தனைகளை எண்ணிக்கையில் சேர்த்தீர்கள், அவற்றில் எவற்றுக்குக் கட்டணம் பிடித்தீர்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். இருப்பைப் பார்த்த தேதியும் அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

கிளையிலோ செயலியிலோ எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தேதி, ஏடிஎம் இருக்கும் இடம், குறிப்பு எண், திரும்பி வந்த வரவு ஆகியவற்றை எழுதி, 27.14 ரூபாயைக் கேளுங்கள். 23 ரூபாயைத் திருப்பித் தந்து வரியை விட்டுவிட்டால் ஏற்காதீர்கள். கட்டணமே இல்லை என்றால் அதன் மீதான வரியும் இல்லை. புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.