வெள்ளம் வடிந்தபின் குளக்கட்டின் உட்சரிவு: திருகோணமலைக் கேள்வி பதில்

வான் பாய்ந்தபோது கட்டு அசையவில்லை. பிறகு துருசைத் திறந்து எட்டு அடி இறக்கினோம், உட்பக்கக் கல் அடுக்கு சரிந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் பாரமும் குறையத்தானே வேண்டும்? (தம்பலகாமம்)

குளத்துத் தண்ணீர் உட்சரிவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. இறக்கினால் முட்டு அன்றே போய்விடும், களிமண்ணுக்குள் ஊறிய தண்ணீர் வெளியேற மாதங்கள்கூட ஆகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கிடையாக இரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு, மண்ணின் உராய்வுக் கோணம் 30 பாகை. சரிவைப் பிடித்து நிறுத்தும் பலத்தைக் கீழே இழுக்கும் பலத்தால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. மூழ்கியிருக்கும்போது அது ஏறத்தாழ 1.4. தண்ணீர் சட்டென இறங்கியதும் கீழே இழுக்கும் எடை இரட்டிப்பாகிறது, உள்ளே அடைபட்ட நீரழுத்தம் உராய்வை அதிகரிக்க விடாது. காரணி 0.7 ஆகிவிடும். ஒன்றுக்குக் குறைந்தால் மிச்சத்தைக் களியின் ஒட்டும் தன்மைதான் சுமக்க வேண்டும். உங்கள் கட்டில் அது போதவில்லை.

வெள்ளம் மூன்று நாள்தான் நின்றது. அதற்குள் களிமண் எப்படி ஊறும்? (மூதூர்)

பாதி சரி, ஐயா. வெள்ளம் ஏறிய மேல் அடிகள் அவ்வளவாக ஊறியிருக்காது. ஆனால் வழக்கமான முழு மட்டத்துக்குக் கீழே உள்ள மண் மாதக்கணக்காக ஊறியே கிடக்கிறது. வெள்ள மட்டத்திலிருந்து அந்த மட்டம் வரை இறக்குவதில் பயம் குறைவு. அதற்குக் கீழே போகும்போதுதான் நிதானம் வேண்டும். துருசை முழுதாகத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

நாளுக்கு ஓர் அடி இறக்கினால் போதுமா?

பலர் சொல்லும் அளவுதான். மண் தெரியாமல் அதை நம்ப முடியாது. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981இல் 120 நாளில் சுமார் 180 அடி, அதாவது நாளுக்கு ஒன்றரை அடி இறக்கினார்கள். உட்சரிவு வழுக்கியது. அடியில் அகற்றாமல் விட்ட களிமண் ஊறிப் பலவீனமாகியிருந்தது.

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றை இறைத்தோம், மண்சுவர் இடிந்து விழுந்தது. இதற்கும் சம்பந்தமுண்டா?

அதே கதைதான், அக்கா. மெதுவாக இறையுங்கள்.

1986இல் கந்தளாய் உடைந்ததும் இப்படித்தானே?

இல்லை. அது கட்டே உடைந்து நீர் பாய்ந்த விபத்து. இங்கே குளம் இறங்கும்போது உட்பக்கம் வழுக்குகிறது.

கட்டின் மேல் வெடிப்பு. காய்ந்ததா, சரிவா?

காய்ந்த வெடிப்பு வலைபோல எல்லாப் பக்கமும் ஓடும். சரிவு வெடிப்பு கட்டின் நீளவாக்கில் ஓடி, இரு முனையும் குளத்துப் பக்கம் வளையும். அதன் இருபுறமும் ஆணி அடித்துக் காலை மாலை டேப்பால் அளந்து பாருங்கள். அகன்றுகொண்டே போனால் துருசை மூடி, மழைநீர் இறங்காமல் பொலித்தீன் போட்டு, பொறியியலாளரை அழையுங்கள். லொறியை மேலே ஏற்ற வேண்டாம்.

எட்டு அடி ஒரேயடியாய் இறக்கலாமா?

முதல் கேள்வியை வாசியுங்கள்.

கட்டின் பின்பக்கம் கலங்கல் நீர் கசிகிறது. மெதுவாக இறக்கினால் கட்டே போய்விடாதா? நீங்கள் சொல்வது பொருந்தாது. (கிண்ணியா)

நியாயமான சண்டை, தம்பி. கலங்கல் என்றால் கட்டின் மண் கரைந்து வருகிறது. முதலில் கீழே இருக்கும் ஆட்களை அப்புறப்படுத்துங்கள், பிறகு வேகமாகவே இறக்குங்கள். உட்சரிவு வழுக்கினால் அப்புறம் கட்டிக்கொள்ளலாம். ஆனால் வழுக்கல் கட்டின் உச்சியையே தாழ்த்திவிட்டால்? எந்த வேகம் சரி என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை.