சொன்னாளா, சொன்னாரா, சொன்னார்களா?

கேள்வி: எனக்குத் திருமணமாகி ஒரு மாதம் ஆகிறது. மாமனாருக்கு முதன்முதலாக எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் திருத்தித் தருவீர்களா? “அன்புள்ள மாமனார் அவர்களுக்கு, நலம். நேற்று அத்தை போனில் பேசினாங்க. உங்கள் மகன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான். எங்கள் அம்மாவும் வருவதாகச் சொன்னாள். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பவும். ஆசிகளுடன், உங்கள் மருமகள்.”

பதில்: முதல் சொல்லிலிருந்தே தொடங்குவோம். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லாம் உறவை மூன்றாம் மனிதருக்குச் சொல்லும் சொற்கள். ‘இவர் என் மாமனார்’ என்று அறிமுகப்படுத்தலாம், அவரையே ‘மாமனாரே’ என்று கூப்பிட முடியாது. கடிதம் அவரிடம் பேசுவது, ஆகவே நேரில் கூப்பிடும் சொல்தான் வேண்டும். ‘அன்புள்ள மாமாவுக்கு’ போதும். ‘அவர்கள்’ அழைப்பிதழுக்கும் மனுவுக்கும் பொருந்தும். வீட்டுக் கடிதத்தில் அது மரியாதையைக் கூட்டாமல் தூரத்தைத்தான் கூட்டும்.

அவரை மாமா என்பதா, அப்பா என்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். மாமியாரும் ஒரு வீட்டில் அத்தை, இன்னொரு வீட்டில் மாமி. உங்கள் ஓரகத்தி எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். ஓரகத்தி இல்லையென்றால் கணவரிடம் கேளுங்கள். நேரில் ஒன்று, எழுத்தில் ஒன்று என்று மாற்ற வேண்டாம்.

இனி விகுதிகள். உங்கள் கடிதத்தில் தடுமாற்றம் அதிகம் இங்கேதான். ‘பேசினாங்க’ மரியாதையான சொல்தான், ஆனால் பேச்சு வழக்கு. மற்ற வரிகள் எழுத்து வழக்கில் இருப்பதால் அது மட்டும் தனித்துத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் முழுக்கப் பேச்சு வழக்கிலேயே எழுதினால் ஒரு குறையும் இல்லை, கலப்பதுதான் உறுத்தும்.

எழுத்து வழக்கு என்றால் ‘பேசினார்’, ‘பேசினார்கள்’ இரண்டில் எது? ‘ஆர்’ என்பதே பலர்பால் விகுதி. ஒருவரை மதித்துச் சொல்ல அதைப் பயன்படுத்துகிறோம். அதன்மேல் ‘கள்’ சேர்ந்தது பின்னால் வந்த வழக்கம். ஆகவே இலக்கணப்படி ‘அத்தை பேசினார்’ சரியே. ஆனால் நம் பேச்சில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் ‘பேசினார்’ வரும், பெண்களுக்கு ‘பேசினாங்க’. அதனால் ‘அத்தை பேசினார்’ என்பது செய்தித்தாள் வாக்கியம்போல விலகி நிற்கும். வீட்டுப் பெரிய பெண்களுக்கு ‘பேசினார்கள்’ என்றே எழுதுங்கள் என்பது என் பரிந்துரை.

‘அம்மா சொன்னாள்’ உங்கள் வீட்டுக்குள் பாசமான பேச்சாக இருக்கலாம். ஆனால் கடிதத்தைப் படிப்பவருக்கு உங்கள் அம்மா சம்பந்தி. அவரே ‘சம்பந்தி சொன்னாங்க’ என்று பேசும்போது, மகள் எழுத்தில் ‘சொன்னாள்’ என்று இருந்தால் அம்மாவை நீங்களே இறக்கியதாகிவிடும். அத்தைக்கு என்ன விகுதியோ அதே விகுதி அம்மாவுக்கும்.

கணவருக்கு ‘சொன்னான்’ வேண்டாம். ‘உங்கள் மகன்’ என்பதும் இந்த இடத்தில் புகார் சொல்வதுபோல ஒலிக்கிறது. அவருடைய அப்பாவுக்கு எழுதும்போது வெறும் ‘அவர்’ என்றாலே யாரென்று புரியும். கொழுந்தனார் வயதில் இளையவராக இருந்தால் இப்படிப் பாருங்கள்: நேரில் ‘வா’ என்று கூப்பிடுகிறவருக்கு எழுத்தில் ‘வந்தான்’, ‘வாங்க’ என்று கூப்பிடுகிறவருக்கு ‘வந்தார்’.

‘ஆள் அனுப்பவும்’ சுற்றறிக்கையின் நடை. ‘அனுப்புங்கள்’ என்பதில் மரியாதை உண்டு, ஆனாலும் அது ஏவல்தான். பெரியவரிடம் உதவி கேட்கும்போது ‘அனுப்பினால் உதவியாக இருக்கும்’ என்று நிபந்தனையாக மாற்றினால் முடிவு அவர் கையில் இருக்கும். அதையே ‘அனுப்ப முடியுமா மாமா?’ என்று கேட்டால் இன்னும் இயல்பு.

கடைசியில் உள்ள ‘ஆசிகளுடன்’ கட்டாயம் மாற வேண்டும். ஆசி பெரியவர் சிறியவருக்குத் தருவது. மருமகள் எழுதினால் ‘அன்புடன்’. உங்கள் பெயரையும் எழுதுங்கள், அந்த வீட்டில் இன்னொரு மருமகளும் இருக்கலாம்.

திருத்திய கடிதம் இது:

“அன்புள்ள மாமாவுக்கு, வணக்கம். நாங்கள் நலம். நேற்று அத்தை போனில் பேசினார்கள். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். அம்மாவும் உடன் வருவதாகச் சொன்னார்கள். ஸ்டேஷனுக்கு யாரையாவது அனுப்ப முடியுமா மாமா? அன்புடன், உங்கள் மருமகள்” (கீழே உங்கள் பெயர்).

அனுப்பும் முன் வினைச்சொற்களை மட்டும் ஒருமுறை தனியாகப் படித்துப் பாருங்கள். பெயரை மாற்றிவிட்டு வினையை மாற்ற மறப்பதுதான் வழக்கமாக நடப்பது.