உதட்டை அசைத்தால் போதுமா?

கேள்வி: என் மாமனார் குலதெய்வத்தின் மீது எட்டு வரிப் பாட்டு ஒன்றை எழுதி வைத்துவிட்டுக் காலமானார். வருடா வருடம் படையல் அன்று குடும்பமே சேர்ந்து பாட வேண்டும் என்பது அவர் ஆசை. நான் முறைப்படி கர்நாடக சங்கீதம் கற்றவள். மோகனத்தில் 5 கட்டை சுருதியில் மெட்டுப் போட்டேன். 'எல்லை காத்து நிற்பவளே, எங்கள் குலம் காப்பவளே' என்று தொடங்கும். 'காப்பவளே'யில் க-விலிருந்து மேல் க-வுக்கு ஒரு எடுப்பு, கடைசி வரியில் மேல் ப வரை போய், கீழ் ப-வுக்கு இறங்கி முடியும். கேட்டவர்கள் பாராட்டினார்கள். ஆனால் படையலில் நான் மட்டும்தான் பாடினேன், மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மாமியாருக்குச் சுருதி சேரவில்லை என்பதால் உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தேன். அவர் சமையலறையில் அதே வரிகளை வேறு ஏதோ ராகத்தில் இழுத்துக்கொண்டிருப்பார், அது வேறு விஷயம். இவர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்:

அது வேறு விஷயம் இல்லை அம்மா. உங்கள் கடிதத்தில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான்.

கணவர் எழுதிய வரிகளை, அவர் போன பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டு தன் குரலுக்கு ஏற்றபடி ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மெட்டைத் தொடும் முன் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். குலதெய்வத்துக்கு முன்னால் வீட்டின் மூத்தவளின் வாயை அடைத்துவிட்டுப் பாடுகிற பாட்டை, எவ்வளவு சுருதி சுத்தமாக இருந்தாலும், நான் குடும்பப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பயிற்சி யாருக்கும் வேண்டாம். மாற வேண்டியது மெட்டு. கீழ் ப-விலிருந்து மேல் ப வரை என்றால் முழுதாக இரண்டு ஸ்தாயி. வருடக்கணக்கில் அகார சாதகம் செய்த உங்கள் குரல் அங்கே போய் வரும். பழகாத குரல் ஒரு ஸ்தாயிக்குள்தான் சிரமமில்லாமல் நடமாடும், அதற்கு மேல் ஒரு ஸ்வரம் கூடலாம். 5 கட்டையில் உங்கள் கீழ் ப வரும்போது மற்றப் பெண்களுக்குக் குரலே எழும்பாது, மேல் ப-வில் கிறீச்சிடும். ஆண்கள் பாடு இன்னும் மோசம். உங்களோடு ஒரே ஸ்தாயியில் பாடினால் மேல் ஸ-விலேயே கத்த வேண்டும், ஒரு ஸ்தாயி இறங்கினால் நடு ஸ-வே தொண்டைக்குள் புதைந்துவிடும். உங்கள் கணவரும் கொழுந்தன்மாரும் முணுமுணுத்ததற்குக் காரணம் இதுதான். பக்திக் குறைவு இல்லை.

இனி மாமியாரிடம் வாருங்கள். அவர் பாடும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் தொடும் மிகத் தாழ்ந்த ஸ்வரம் எது, மிக உயர்ந்தது எது, எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், இந்த மூன்றையும் ஹார்மோனியத்தில் வைத்துப் பாருங்கள். அநேகமாக ஐந்தாறு ஸ்வரத்துக்குள் முடிந்துவிடும். எந்த ஸ்வரத்துக்கும் தாவியிருக்க மாட்டார், படிப்படியாக நடந்திருப்பார். கும்மியும் தாலாட்டும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தனியாக முணுமுணுக்கும்போது குரல் தாழ்ந்து நிற்கும். பத்துப் பேர் கூடி வாய்விட்டுப் பாடும்போது தானாக மேலே ஏறும். அதனால் அவர் பாடிய சுருதியைவிட அரைக் கட்டை, ஒரு கட்டை தூக்கி வையுங்கள்.

மோகனத்தை விட வேண்டாம். ஐந்தே ஸ்வரம், அரை ஸ்வர இடைவெளி எங்கும் இல்லை, கூட்டத்துக்கு நல்ல ராகம். ஆனால் எல்லையை மாற்றுங்கள். கீழ் ப-விலிருந்து நடு ப வரை, ஸ நடுவில் இருக்கும்படி. சுருதி 2 கட்டையில் ஆரம்பித்துப் பாருங்கள். உங்கள் 5 கட்டைக் கணக்கில் அது நடு ரி-யிலிருந்து மேல் ரி வரை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள், அவர்களுக்கும் இடம் இருக்கிறது. மாமியாருக்கு அதுவும் உயரம் என்றால் ஒன்றரைக்கு இறக்குங்கள்.

முதல் இரண்டு வரிகளை இப்படி வைத்துப் பாடிப் பாருங்கள்:

எல்-லை காத்-து நிற்-ப-வ-ளே
ஸ ஸ ரி ரி க ரி ஸ ஸ

எங்-கள் கு-லம் காப்-ப-வ-ளே
ஸ ரி க க ப க ரி ஸ

எழுத்துக்கு ஒரு ஸ்வரம். அசைவுகள், சங்கதிகள் வேண்டாம். 'காப்' என்ற இடத்தில்தான் உச்சம், நீங்கள் நினைத்த அதே இடம். ஆனால் க-விலிருந்து மோகனத்தின் அடுத்த ஸ்வரமான ப-வுக்கு ஒரு படி ஏறி அங்கே போகிறோம். மேலே போகும்போது 'ஆ' என்று வாய் திறக்கும் எழுத்து கிடைத்தது நல்லது. ஈகாரமோ ஊகாரமோ வந்திருந்தால் பழகாத குரல் இறுகிப்போகும்.

அடுத்த இரண்டு வரிகள் ஸ-விலிருந்து கீழ் த, ப வரை இறங்கித் திரும்பி வரட்டும். நான்காவது வரியில் ஒரே ஒரு தாவலுக்கு அனுமதி தருகிறேன்: மூச்சு எடுத்துக்கொண்டு ஸ-விலிருந்து நேராக ப. சுருதிப் பெட்டியில் இந்த இரண்டும் ஒலித்துக்கொண்டே இருப்பதால் காது அதைப் பிடித்துவிடும். தாவிய பிறகு க, ரி, ஸ என்று படியிறங்கி வந்துவிடுங்கள், இன்னொரு தாவல் கூடாது. மீதி நான்கு வரிகளுக்கும் இதே மெட்டுத்தான். பஞ்சரத்தினம் செய்த தியாகராஜரே, கூடிப் பாடுவதற்கான திவ்யநாம கீர்த்தனைகளில் எல்லாச் சரணங்களுக்கும் ஒரே மெட்டுத்தான் வைத்தார்.

ஒரு ஸ்தாயிக்குள் அடக்கிவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். பிறந்தநாள் வீடுகளில் பாடுகிற 'ஹாப்பி பர்த்டே' சரியாக ஒரு ஸ்தாயிதான். ஆனாலும் மூன்றாவது வரியில், பெயர் சொல்வதற்குச் சற்று முன்னால், கூட்டம் சிதறும். அங்கே கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிக்கு ஒரே தாவல். யாரோ ஒருவர் வாய்க்கு வந்த சுருதியில் தொடங்கிவிடுவார், அது கொஞ்சம் உயரமாகப் போய்விட்டால் அந்தத் தாவலில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். உங்கள் 'காப்பவளே' எடுப்பும் இதே தாவல்தான். அதையும் 5 கட்டையில், மேல் க-வில் வைத்தீர்கள்.

புது மெட்டை ஒரு சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்துப் பாடிப் பாருங்கள். நீங்கள் பாடாமல் கேளுங்கள். ஒரு வரி முழுக்கக் குரல் மெலிந்தால் அந்த வரி அவர்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதை நகர்த்துங்கள், அல்லது சுருதியை மாற்றுங்கள். வரி நன்றாகப் போய் ஒரே ஒரு எழுத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் போனால் அது தாவலின் கோளாறு, நடுவில் ஒரு ஸ்வரம் வைத்துப் படியாக்குங்கள். குழந்தைகள் பாடி மாமியார் நிறுத்தினால், மாமியார் நிறுத்திய இடம்தான் கணக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வயதானவர்களுக்கு மேல் ஸ்வரங்கள்தான் முதலில் போகும். அவர் எட்டும் உயரத்தில் மற்றவர்களும் பாடலாம், மற்றவர்கள் உயரத்துக்கு அவர் வர முடியாது.

படையல் அன்று சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு முதல் வரியை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய மெட்டையும் தூக்கிப் போட வேண்டாம். எல்லோரும் பாடி முடித்த பிறகு, 5 கட்டையில், நீங்கள் தனியாகப் பாடுங்கள்.