நாய் குரைக்க வேண்டிய பக்கத்தில் குழந்தை அழுகிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான ஸ்பானியப் படப்புத்தகம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். "நாய் குவா குவா செய்கிறது, வாத்து குவாக் குவாக் செய்கிறது, குஞ்சு பீயோ பீயோ செய்கிறது" என்று போகிறது. மூல ஒலிகளை அப்படியே வைத்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு மொழியும் அறிமுகமாகுமே என்று நினைத்தேன். யானைக்குத்தான் என்ன ஒலி எழுதுவது என்று தெரியவில்லை. சொல்ல முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

யானை நிற்கட்டும். உங்கள் நாயைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. தமிழில் "குவா குவா" என்பது பிறந்த குழந்தையின் அழுகை. நாய் படத்துக்குக் கீழே அதை அச்சிட்டால் பிள்ளை தொட்டிலைத் தேடும்.

ஸ்பானிய நாயின் ஒலி 'காந்தி' என்பதில் நாம் உச்சரிக்கிற ககரத்தில் தொடங்கி, உதடு குவிந்து 'வ்' என்று முடிகிறது. அவர்களின் வாத்தோ 'கல்'லின் ககரத்தில் தொடங்கி 'க்' என்று வெட்டி நிற்கிறது. ஸ்பானியக் காதுக்கு இவை இரண்டும் வேறு வேறு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'கு'தான், சொல்லின் முதலில் வந்தால் அதைக் 'கல்'லின் ககரமாகத்தான் படிப்போம். ஆக உங்கள் புத்தகத்தில் நாய், வாத்து, கைக்குழந்தை மூன்றும் ஒரே குரலில் கத்துகின்றன. அதற்குள் இன்னொரு மொழியை எங்கிருந்து அறிமுகப்படுத்துவீர்கள்?

குஞ்சைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் முதல் எழுத்தை ஒரு மூன்று வயதுக்காரன் உரக்கப் படித்தால் வகுப்பு என்ன ஆகும்? ஸ்பானியத்தில் அந்த ஒலிக்கு ஒரு வேலை இருக்கிறது. குளிர் என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஃப்ரீயோ'வோடு அது இயைகிறது. அதனால் குஞ்சு கத்தினால் குளிர் வந்தாக வேண்டும். தமிழில் அந்த இயைபு கிடைக்காது. குளிரை விட்டுவிட்டு ஒலியிலிருந்து தொடங்குங்கள். "கீச்சு கீச்சு" என்றால் 'பேச்சு', 'மூச்சு' இரண்டும் எதுகையாகத் தாமே வந்து நிற்கும். "கீச்சு கீச்சு, குஞ்சுப் பேச்சு" என்று எழுதிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தப்பு அந்தச் 'செய்கிறது'. ஸ்பானியர்கள் பிள்ளையிடம் "கோமோ அஸே எல் பெர்ரோ?" என்று கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நாய் எப்படிச் செய்யும்?" என்று வரும். செய்தல் என்ற வினையே அங்கே ஒலி எழுப்புவதற்கும் ஆகிறது. நம் வீட்டில் யாராவது அப்படிக் கேட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? "நாய் எப்படிக் கத்தும்?" என்போம், "லொள் லொள்" என்று பதில் வரும். தமிழில் ஒலிக்குறிப்பைத் தாங்குவது 'என்று'. பேச்சில் அது 'னு' ஆகும். "லொள் லொள்னு குரைச்சுது." 'என்று' வந்துவிட்டால் பின்னாலேயே அந்தந்த விலங்குக்குரிய வினையும் வந்துவிடுகிறது: காகம் கரையும், சேவல் கூவும், குதிரை கனைக்கும். ஸ்பானியத்திலும் தனி வினைகள் உண்டு. ஆனால் அவர்களின் மழலைப் புத்தகங்களில் 'அஸே' ஒன்றே பக்கம் பக்கமாகத் திரும்பி வரும், அந்தத் திரும்பல்தான் பிள்ளைக்குப் பாட்டு. உங்களுக்கும் திரும்பல் வேண்டுமென்றால் "எப்படிக் கத்தும்?" என்ற கேள்வியைத் திருப்புங்கள். 'செய்கிறது' ஒரு பக்கத்தில்கூட இருக்கக் கூடாது.

நாய்க்கு 'லொள்' போடுவதா, 'வள்' போடுவதா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். 'வள்ளென்று விழுந்தான்' என்கிறோமே, அந்தக் கடுப்பு 'வள்'ளில் இருக்கிறது. வாலாட்டுகிற நாய்க்கு அது பொருந்தாது.

ஒலியை மாற்றினாலும் அளவை மாற்றாதீர்கள். ஸ்பானியச் சேவல் "கிக்கிரிக்கீ" என்று நான்கு அசையில் கூவும், அழுத்தம் கடைசி அசையில். நம் "கொக்கரக்கோ"வும் கொக்-க-ரக்-கோ என்று நான்கே அசை, நீட்டலும் கடைசியில்தான். ஓவியர் எழுத்துகளைப் படிப்படியாகப் பெரிதாக்கி இறுதியை வானம் வரை இழுத்திருந்தால் 'கோ' அங்கே அப்படியே உட்காரும். அவர்கள் இரண்டு குரைப்புக்கு நடுவே காற்புள்ளி இடுவார்கள், முன்னால் தலைகீழ் வியப்புக்குறியும் வைப்பார்கள். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பசுவிடம் மட்டும் எச்சரிக்கை. அவர்களின் 'மூ' வெறும் ஒலி. நம் பசு "அம்மா" என்றால் அது தாயைக் கூப்பிடுவதாகவும் ஆகிவிடும். படத்தில் இருப்பது கன்று என்றால் அழகு. கன்றைத் தேடுகிற தாய்ப்பசு என்றால் "ம்மா" என்று ஒற்றில் தொடங்குங்கள்.

யானைக்கு ஒலி வேண்டாம். "பிளிறியது" என்றாலே போதும்.